பிரான்ஸ் தேர்ச்சி அறிக்கை: புள்ளியை மாற்றி எழுதுவதா, உள்ளபடி எழுதிக் குறிப்புப் போடுவதா?

பிரான்சிலிருந்து ஊரோடு வந்துவிட்டவர்கள் பிள்ளையைத் திருகோணமலையில் தமிழ்மூலப் பாடசாலையில் சேர்க்கப் போனால், அங்கத்தைய தேர்ச்சி அறிக்கைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று தேவைப்படும். அதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒரு சிலர் எல்லாவற்றையும் எங்கள் ஊர் முறைக்கு மாற்றிவிடுவார்கள்: 20க்கு வாங்கிய புள்ளி நூறுக்கு ஆகும், பக்கத்தில் A, B, C வரும், பாடப்பெயரும் நம்முடைய அறிக்கையில் உள்ள மாதிரியே இருக்கும். மற்றவர்கள் புள்ளியையும் பாடத்தையும் உள்ளபடி எழுதி, அங்கத்தைய அளவுகோலை அடியில் குறிப்பாகப் போடுவார்கள்.

உவர்மலையில் இருக்கும் அக்காவின் மகளுக்காக இரண்டு விதத்திலும் எழுதிப் பார்த்தோம். கடைசியில் கொடுத்தது இரண்டாவது. நான் அந்தப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாற்றி எழுதியதில் ஒரு வசதி உண்டு, மறுக்க முடியாது. அதிபர் ஒரு தடவை பார்த்தாலே விளங்கும். பக்கமும் குறைவு. செலவில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும்.

சிக்கல் புள்ளியில்தான். மருமகளின் அறிக்கையில் கணிதத்துக்கு 13,5 என்று இருந்தது. பிரெஞ்சுக்காரர் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவார்கள், ஆகவே அது 20க்குப் பதின்மூன்றரை. ஐந்தால் பெருக்கினால் 67.5. எங்கள் சாதாரண தரப் பரீட்சையின் கணக்கில் 65 முதல் 74 வரை B என்பதால் அது B ஆகிவிடும். சரி, பார்வைக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் அதே வரியில் வகுப்புச் சராசரி 11,2 என்று இருந்தது. அதாவது அந்தப் பிள்ளை வகுப்பின் நடுமட்டத்துக்கு நன்றாக மேலே நிற்கிறாள். அங்கே இருபதுக்கு இருபது போடுவது அரிது, பதினாறு வாங்கினாலே வீட்டில் கொண்டாடுவார்கள். B என்ற ஓர் எழுத்தில் அந்தச் சராசரி தொலைந்து போகிறது, அங்கத்தைய கண்டிப்பும் தொலைந்து போகிறது.

கீழ்ப்பக்கம் இதைவிட மோசம். ஸ்பானிய மொழியில் அவளுக்கு 9, வகுப்புச் சராசரி 12. ஐந்தால் பெருக்கினால் 45, அதாவது S, சாதாரண சித்தி. பத்துக்குக் கீழே என்றால் பாதியைக்கூடத் தொடவில்லை என்றுதான் அங்கத்தைய ஆசிரியர் பார்ப்பார். பாடவாரியாகச் சித்தி, சித்தியில்லை என்று அந்த அறிக்கையில் எதுவும் இல்லை. ஆக, மூலத்தில் இல்லாத ஒரு சித்தியை மொழிபெயர்ப்பாளர் தன் கையால் எழுதிக் கொடுத்து, கீழே 'மூலத்துக்கு ஒத்தது' என்று முத்திரையும் வைக்கிறார்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: சரிபார்க்க முடியுமா என்பது. மூலப் பிரதியையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பிரெஞ்சு தெரியாத எழுதுவினைஞரும் இலக்கத்தோடு இலக்கத்தை ஒத்துப்பார்க்க வேண்டும். 13,5 என்று மூலத்தில் இருந்தால் தமிழிலும் 13.5 இருக்க வேண்டும். B என்று போட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த B, 13ஆகவும் இருக்கலாம், 14.8ஆகவும் இருக்கலாம். அங்கிருந்து மூலப் புள்ளிக்குத் திரும்ப வழியே இல்லை. நாளைக்கு வேறு பாடசாலைக்கோ வெளிநாட்டுக்கோ இதே மொழிபெயர்ப்பை நீட்ட வேண்டி வந்தால், அங்கே வேறு அளவுகோல் இருக்கும். ஏற்கெனவே மாற்றியதை அவர்கள் இன்னொரு தடவை மாற்றுவார்கள். உள்ளபடி எழுதியதை எங்கேயும் கொடுக்கலாம், ஒப்பிடுகிற வேலையை வாங்குகிறவர் செய்துகொள்வார். அது அவர் வேலைதான். பிரான்சிலேயே வெளிநாட்டுத் தகைமைகளை ஒப்பிட்டுச் சொல்ல எனிக்-நாரிக் என்று தனி நிலையம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரிடம் அவர்கள் அதைக் கேட்பதில்லை.

நாங்கள் போட்ட குறிப்பு சின்னது: 'புள்ளிகள் 0 முதல் 20 வரை. 20 அதிகூடியது. முதல் நிரல் மாணவியுடையது, இரண்டாவது வகுப்புச் சராசரி. வகுப்பில் எத்தனையாம் இடம் என்பது மூலத்தில் தரப்படவில்லை.' கடைசி வரி முக்கியம். எங்கள் அறிக்கைகளில் வகுப்பு நிலை இருக்கும், அங்கே இல்லை. அதை எழுதாவிட்டால் யாராவது கேட்பார்கள், யாராவது ஊகித்து நிரப்புவார்கள்.

பாடப்பெயரிலும் இதே கதைதான். அந்த அறிக்கையில் 'உயிர், புவி விஞ்ஞானங்கள்' ஒரு பாடம், 'பௌதிகவியலும் இரசாயனவியலும்' இன்னொரு பாடம். இங்கே தரம் 8இல் விஞ்ஞானம் ஒன்றுதான். மாற்றி எழுதிய பிரதியில் 15ஐயும் 11ஐயும் கூட்டி இரண்டால் பிரித்து 'விஞ்ஞானம் 65' என்று போட்டிருந்தது. பிள்ளைக்குப் பௌதிகவியல் பக்கம்தான் கொஞ்சம் இடறுகிறது என்பது புதிய ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? பிரெஞ்சு மொழிப் பாடத்தைத் 'தாய்மொழி' என்று எழுதியிருந்ததைப் பார்த்து அக்கா சிரித்துவிட்டாள், பிள்ளையின் தாய்மொழி தமிழ். அப்புறம் ஒழுக்க, குடியியல் கல்வி. அதைச் 'சமயம்' என்ற பெட்டிக்குள் போட ஆசை வரும், அந்தப் பெட்டி வெறுமையாகக் கிடக்கிறதே. ஆனால் அங்கத்தைய அரச பாடசாலைகளில், அல்சாஸ்-மொசெல் பகுதி தவிர, சமயம் பாடமே இல்லை. வெறுமை வெறுமையாகவே இருக்கட்டும்.

வகுப்பின் பெயர்தான் உண்மையில் ஆபத்தானது. அவள் படித்தது 'கத்ரியெம்', சொல்லுக்குச் சொல் 'நான்காவது'. அங்கே ஆரம்பப் பாடசாலை ஐந்து வருடம் முடிந்ததும் ஆறாவது, ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது என்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகும். ஆகவே நான்காவது என்பது எட்டாம் வருடம், பதின்மூன்று வயதுப் பிள்ளை. 'நான்காம் வகுப்பு' என்று தமிழில் வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நேரே 'தரம் 8' என்று போட்டாலும் சரியில்லை, அதுவும் மாற்றி எழுதுவதுதான். நாங்கள் 'கத்ரியெம் வகுப்பு' என்று எழுதி, அடியில் 'பாடசாலைக் கல்வியின் எட்டாம் வருடம்' என்று குறித்தோம். தரத்தை அதிபர் தீர்மானித்தார். செப்டெம்பரில் தொடங்கும் அங்கத்தைய ஆண்டு இங்கத்தையதோடு பொருந்தாது என்பதால் அவருக்கும் அந்த விவரம் தேவைப்பட்டது.

ஜெர்மனி, சுவிஸ் அறிக்கைகளில் எனக்கு அனுபவம் குறைவு. ஒன்று மட்டும் சொல்லலாம்: ஜெர்மனியில் 1 தான் மிகச் சிறந்தது, 6 மிக மோசம். சுவிஸில் அப்படியே தலைகீழ், 6 சிறந்தது, 4 போதுமானது. இரண்டு பிள்ளைகளின் 5ஐயும் குறிப்பில்லாமல் எழுதிவிட்டால், கெட்டிக்காரனும் தடுமாறுகிறவனும் ஒன்றாகிவிடுவார்கள். உள்ளபடி எழுதுகிற முறைக்கு அந்த அளவுகோல் குறிப்புக் கட்டாயம். அது இல்லாவிட்டால் மாற்றி எழுதியதே மேல் என்றுகூடச் சொல்வேன்.

சில விண்ணப்பப் படிவங்களில் A, B, C, S, W தவிர வேறெதையும் எழுத இடம் இருக்காது. அங்கே 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதி, மொழிபெயர்ப்பைப் பின்னால் இணைத்துவிடுங்கள். எழுத்தை நிரப்பத்தான் வேண்டும் என்றால், அதை அலுவலரே நிரப்பி அவரே கையொப்பம் வைக்கட்டும்.