குரூப் 4-ஆ, சிஎச்எஸ்எல்-லா? 29 வயது பிசி இளைஞருக்கு

விளவங்கோடு தாலுகாவில் பிளஸ் 2 முடித்த பிசி வகுப்பு இளைஞர், வயது 29. அவரை வைத்தே பார்ப்போம்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் இளநிலை உதவியாளர் பதவிக்கு வயது பிரச்சினையே இல்லை. மாநில சாதிச் சான்றிதழ் போதும். தேர்வுக் கட்டணம் மூன்று முறை இலவசம். எழுத்துத் தேர்வு ஒன்றுதான், ஆனால் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள்.

மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்எஸ்சி சிஎச்எஸ்எல் தேர்வில் பொதுப்பிரிவு வயது உச்சவரம்பு 27. ஓபிசிக்கு 3 ஆண்டு தளர்வு உண்டு, அதனால் இவர் தப்பிக்கிறார். ஆனால் மத்திய அரசு படிவத்திலான ஓபிசி சான்றிதழ் வேண்டும். மாநிலச் சான்றிதழை மட்டும் நீட்டினால் பொதுப்பிரிவாகி, வயது கடந்தவர் என்று நிராகரிக்கப்படுவார். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அப்புறம், 100 ரூபாய் கட்டணத்தில் ஓபிசி ஆண்களுக்கு விலக்கில்லை, பெண்களுக்கு உண்டு. தேர்வும் இரண்டு கட்டம்.

இவருக்கு நான் குரூப் 4-ஐத்தான் முதலில் சொல்வேன்.