கரிசல் மண்ணில் பைல் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை: 3,20,000 ரூபாய் மண்ணுக்குள் போயிற்று

எழுதும்போதே கை நடுங்குகிறது. முந்தாநாள்தான் குழி தோண்டிப் பார்த்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், வரிசை பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு கட்டுபவரையும் கட்டிக்கொடுப்பவரையும் சேர்த்துவைக்கும் செயலி ஒன்று. பெயரைப் போடவில்லை. அதன் வழியாக வந்த ஒப்பந்தக்காரரிடம் அஸ்திவாரம் மட்டும் கொடுத்தது, 3,20,000 ரூபாய். 30க்கு 20 அடி, ஒற்றை மாடி. கோவில்பட்டிப் பக்கம், நல்ல கரிசல். சித்திரை வெயிலில் வெடிப்புக்குள் முழங்கை வரை விடலாம், ஐப்பசியில் அதே இடத்தில் செருப்பு கழன்று வராது.

ஏன் நம்பினேன் என்று கேட்பீர்கள். வந்த பொறியாளர் முதல் நாளே என் கண்ணெதிரே மண் சோதனை செய்தார். காய்ந்த மண்ணை இடித்து 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மில்லி அளவு ஜாடிகளில் போட்டார். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். கம்பியால் கலக்கிக் காற்றுக் குமிழியை எடுத்துவிட்டு, 24 மணி நேரம் யாரும் தொடக்கூடாது என்றார். மறுநாள் மண்ணெண்ணெய் ஜாடியில் மண் 10 மில்லியில் நின்றது. தண்ணீர் ஜாடியில் 22. மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது, அதனால் அதுதான் ஒப்பிடும் அளவு. 22-இல் 10 போக 12, அதை 10-ஆல் வகுத்தால் 120 சதவீதம் வீக்கம். நூறைத் தாண்டினாலே அதிகம் வீங்கும் மண் என்று கணக்கு. "சார், இதுல சாதாரண கடைக்கால் போட்டா ரெண்டே மழைதான்" என்றார். அத்தனையும் உண்மை. சோதனையும் சரி, சொன்ன வைத்தியமும் சரி. அங்கேதான் விழுந்தேன். சோதனையை ஒழுங்காகச் செய்கிறவர் வேலையையும் ஒழுங்காகச் செய்வார் என்று நினைத்துவிட்டேன்.

அவர் எழுதிக் கொடுத்தது இது. 16 அண்டர்ரீம்டு பைல், அதாவது மண்ணில் துளை போட்டுக் காங்கிரீட் ஊற்றும், அடி அகன்ற தூண். தண்டு 300 மில்லிமீட்டர் விட்டம், 3.5 மீட்டர் ஆழம், அடியில் 750 மில்லிமீட்டர் விட்டத்துக்குப் புடைத்த பல்ப். மேலே பைல்களை இணைத்துச் சுவரைத் தாங்கும் கிரேடு பீம், பீமுக்கும் மண்ணுக்கும் நடுவில் 80 மில்லிமீட்டர் இடைவெளி. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911 மூன்றாம் பகுதியில் வீங்கும் மண்ணுக்குச் சொல்லியிருப்பதும் ஏறக்குறைய இதே. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை. குறை முறையில் இல்லை.

பல்ப் எதற்கு என்று புரிந்தால்தான் இவர்கள் செய்த வேலை புரியும். கரிசலில் மேலே மூன்று, மூன்றரை மீட்டர்தான் பருவத்துக்குப் பருவம் காய்ந்து நனைகிறது. அந்த ஆழம் வரை மண் வீங்கும்போது பைலின் தண்டைச் சுற்றிப் பிடித்து மேலே இழுக்கும். ஈரம் பெரிதாக மாறாத ஆழத்தில் பல்ப் இருந்தால், அதன் தோள் மேல் உட்கார்ந்திருக்கும் மண் அதை வெளியே விடாது. நாற்று பிடுங்குவதற்கும் கிழங்குச் செடி பிடுங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பல்ப் இல்லாத குட்டைப் பைல் முழுக்க வீங்கும் மண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மண்ணோடு ஏறும், மண்ணோடு இறங்கும். அதற்கு 3,20,000 ரூபாய் எதற்கு?

வைகாசியில் காங்கிரீட் போட்டார்கள். பல்ப் வெட்டும் கருவியை, அதாவது கைப்பிடியை அழுத்தினால் குடை மாதிரி விரியும் கத்தியும் அடியில் மண் வாளியும் கொண்ட சாமானை, எனக்கு விரித்துக் காட்டினார்கள். போட்டோ எடுத்தேன். அது குழிக்குள் இறங்கியதை மட்டும் பார்க்கவில்லை. "காலைல எட்டு மணிக்கு காங்கிரீட்" என்றார்கள், போய் நின்றால் பதினோரு குழி ஏற்கெனவே மூடியிருந்தது. ஆள் சீக்கிரம் வந்துவிட்டார்களாம்.

ஐப்பசி மழை இரண்டாம் வாரத்திலேயே வாசக்கால் கதவைப் பிடித்தது. கார்த்திகையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல். குளியலறைத் தண்ணீர் தேங்கும் வடமேற்கு மூலையில் அது ஐந்து ரூபாய்க் காசு நுழையும் அகலம். போன் போட்டால் முதல் பதில், "பூச்சு விரிசல் சார், புது வீட்ல வரும்." பூச்சு விரிசல் என்றால் சுவரின் ஒரு பக்கத்தில் தலைமயிர் மாதிரி இருக்கும். இது உள்ளேயும் வெளியேயும் அதே இடத்தில், செங்கல் நடுவாகப் போகிறது. டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்தோம். வீட்டின் நடுவில் உள்ள பீமைவிட அந்த மூலையில் 28 மில்லிமீட்டர் உயரம். சுவர் இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. அதைச் சொன்னதும் "இந்த வருஷம் மழை ஜாஸ்தி" ஆகிவிட்டது. பைல் எதற்குப் போட்டோம், மழை பெய்யாத வருஷத்துக்கா?

மூன்றாவது பதில்தான் உச்சம். "தரைக்கு அடியில ஒரு அடி மணல் மெத்தை போட்டிருக்கோம் சார், வீக்கத்தை அது வாங்கிக்கும்." இதை நம்பும் மேஸ்திரிகள் நிறைய இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மணல் எதையும் வாங்கிக்கொள்ளாது. ஒரு அடி மணலும் மேலே நான்கு அங்குலத் தரையும் சேர்ந்தால் எடை சதுர மீட்டருக்கு ஒரு டன்கூட வராது. நனைந்த கரிசல் பத்து டன்னுக்கும் மேல் தள்ளக்கூடியது. மெத்தையோடு தரையைத் தூக்கும், அவ்வளவுதான். கெடுதல் வேறு இருக்கிறது. கரிசல் தண்ணீரை லேசில் உள்ளே விடாது, மணல் உடனே விடும். கரிசலில் குழி வெட்டி மணல் நிரப்பினால் அது தண்ணீர்த்தொட்டி. சுவரோரம் இறங்கும் மழைத்தண்ணீர் அதில் தேங்கி, வாரக்கணக்கில் அடியிலிருக்கும் களிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறும். மெத்தை போடாமல் விட்டிருந்தால் அவ்வளவு தண்ணீர் வீட்டுக்கு அடியில் போயிருக்காது. அடியில் நிரப்ப வேண்டியது வீங்காத, ஆனால் ஒட்டுப்பிடிப்புள்ள மண். களி சற்றுக் கலந்த சரளைமண். ஆறு அங்குலம் ஆறு அங்குலமாகப் போட்டு, ஈரம் பார்த்து இடிக்க வேண்டும். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கட்டி செய்த ஆராய்ச்சியில் வந்த வழி அது, அங்கே பேச்சே ஒரு மீட்டர் கனத்தைப் பற்றி. ஒரு அடியில் பெயரளவுக்குப் போடுவது அது ஆகாது.

செயலிக்காரர்கள் புகாரை மூன்று முறை "தீர்க்கப்பட்டது" என்று மூடினார்கள். யார் தீர்த்தார்கள், என்ன தீர்த்தார்கள், தெரியாது. கடைசியில், ஒப்பந்தம் உங்களுக்கும் அவருக்கும்தான், நாங்கள் அறிமுகம் மட்டும் என்றார்கள். கமிஷன் வாங்கும்போது அறிமுகம் மட்டும் என்று சொல்லவில்லை.

மழை நின்று மண் இறுகியதும் அந்த மூலையில் பலகை முட்டுக் கொடுத்து, பைலை ஒட்டிக் குழி இறக்கினோம். முதலில் தெரிந்தது பீம். 80 மில்லிமீட்டர் இடைவெளி எங்கே? அடிக் காங்கிரீட் போட்டு அதன் மேலேயே பீமை வார்த்திருக்கிறார்கள். பைல் சரியாக இருந்திருந்தாலும் மண் நேராகப் பீமை முட்டியிருக்கும். பைலின் கழுத்தில் சுற்றி ஒரு மெல்லிய வெட்டு, மேலே இழுபட்ட அடையாளம். இன்னும் இறங்கினோம். 2.1 மீட்டரில் பைல் முடிந்துவிட்டது. அடி மொட்டை. பல்ப் இல்லை. பல்ப் வெட்ட முயன்ற தடம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து சிமெண்ட் ரசீதை எடுத்தேன். இந்தக் கணக்கை அப்போதே போட்டிருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். 300 மில்லிமீட்டர் தண்டு 3.5 மீட்டருக்கு 0.25 கன மீட்டர். பல்ப் சுமார் 0.07 கூட்டும். ஒரு பைலுக்கு 0.32, பதினாறுக்கு 5.1 கன மீட்டர். பைல் காங்கிரீட்டுக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை, ஆக 41 மூட்டை. பைல் போட்ட நாட்களில் வந்து இறங்கியது 22. பல்ப் இல்லாத 2.1 மீட்டர் பைலுக்குக் கணக்குப் போட்டால் 19 மூட்டை வருகிறது. மூன்று மூட்டை சிந்தியது, சிதறியது என்று வையுங்கள். மற்ற பதினைந்தையும் தோண்டிப் பார்க்க வேண்டியதே இல்லை, ரசீதே சொல்லிவிட்டது. 3,20,000 ரூபாயும் அந்தப் பதினாறு மொட்டைக் குச்சிகளுக்குத்தான்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, வக்கீலைப் பார்க்கக் கிளம்ப வேண்டும். அவசரத்துக்கு இது மட்டும்.

பைல் குழியில் ஆழமும் பல்பும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை நாலு மீட்டருக்கு எடுத்து, நுனியில் 20 சென்டிமீட்டரை எல் வடிவில் மடக்கிக்கொள்ளுங்கள். மடக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மேலிருந்தே தெரிய, கம்பியின் மேல் நுனியில் ஒரு அடையாளம் போடுங்கள். கம்பியைக் குழியின் ஒரு சுவரோடு ஒட்டி, மடக்கு எதிர்ச் சுவரைப் பார்க்கும்படி அடிவரை விடுங்கள். முதலில் ஆழம் தெரியும். கொஞ்சம் மேலே தூக்கி, கம்பியைச் சுவரிலிருந்து நகர்த்தாமல் மடக்கை அந்தச் சுவர்ப் பக்கமே திருப்புங்கள். 750 பல்ப் இருந்தால் தண்டுச் சுவருக்கு அப்பால் 22 சென்டிமீட்டர் வெற்றிடம் உண்டு, சுலபமாகத் திரும்பும், மேலே இழுத்தால் பல்பின் தோளில் மாட்டும். பல்ப் இல்லையென்றால் திரும்பவே திரும்பாது. பதினாறு குழியிலும் பாருங்கள், இரண்டு குழியில் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பார்த்து முடிக்கும் வரை காங்கிரீட் கலக்க விடாதீர்கள்.

பீமுக்கு அடியில் கை நுழைகிறதா என்று பார்க்காமல் சுவர் எழுப்பச் சொல்லாதீர்கள். மணல் மெத்தை என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குளியலறைத் தண்ணீரைச் சுவரோரம் விடாதீர்கள். காலி சிமெண்ட் சாக்கை எண்ணி முடிக்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். நான் 3,20,000-ஐயும் கொடுத்து முடித்த பிறகுதான் எண்ணினேன்.