மொத்தம் இருவருக்கும் 210தான், ஆனால் யாருடைய ரிப்போட் மோசம்?

இரண்டு கொலஸ்ட்ரோல் ரிப்போட்டுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். மச்சான்மார் இருவர், ஒருவர் சுன்னாகம், மற்றவர் நல்லூர். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, சிகரெட் இல்லை, பிறசர் இல்லை, மாரடைப்பு வந்ததும் இல்லை. ஒரே காலையில் வெறும் வயிற்றோடு போய் ஒரே லாப்பில் இரத்தம் கொடுத்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுன்னாகம்: மொத்தம் 210, எச்டிஎல் 52, ட்ரைகிளிசரைட் 90, எல்டிஎல் 140.

நல்லூர்: மொத்தம் 210, எச்டிஎல் 34, ட்ரைகிளிசரைட் 260, எல்டிஎல் 124.

எச்டிஎல்லை நல்ல கொலஸ்ட்ரோல் என்றும் எல்டிஎல்லைக் கெட்டது என்றும் சொல்வார்கள், ட்ரைகிளிசரைட் இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பு. எல்லாம் ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. (லண்டனிலிருந்து அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரிப்போட்டில் 5.4 என்று இருந்தால் பதறவோ பொறாமைப்படவோ வேண்டாம், அங்கே அலகு வேறு. கொலஸ்ட்ரோல் எண்களை 38.67ஆலும் ட்ரைகிளிசரைட்டை 88.57ஆலும் பெருக்கினால் நம்முடைய கணக்குக்கு வந்துவிடும்.)

ரிப்போட்டைக் கையில் வாங்கியதும் நல்லூர்க்காரர் சொல்வார், "மச்சான், கெட்ட கொலஸ்ட்ரோல் உமக்குத்தான் கூட, இனி ஆட்டிறைச்சியைக் குறையும்." எல்டிஎல்தான் கெட்டது, அது இவருக்குப் பதினாறு குறைவு, ஆகவே இவர் வென்றார். பலரும் இப்படித்தான் வாசிக்கிறார்கள். என் கணிப்பில் கவலைப்பட வேண்டிய ரிப்போட் நல்லூருடையதுதான்.

ஏன் என்று விளங்க, முதலில் அந்த எல்டிஎல் எண் எங்கேயிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான லாப்புகள் அதை நேரடியாக அளப்பதில்லை, கழித்து எடுக்கின்றன. 1972இல் ஃப்ரீட்வால்ட் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட சூத்திரம் இது: மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழி, பிறகு ட்ரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் கழி. சுன்னாகத்துக்கு 210இல் 52ம் 18ம் போக 140. நல்லூருக்கு 210இல் 34ம் 52ம் போக 124. அந்த ஐந்தில் ஒரு பங்கு ரிப்போட்டில் விஎல்டிஎல் என்று ஒரு மூலையில் கிடக்கும், யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. நல்லூர்க்காரரின் எல்டிஎல் குறைவாகத் தெரிவதற்குக் காரணமே அந்த 52தான். அது உடம்பை விட்டு எங்கேயும் போகவில்லை, வேறு வரியில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வரியில் இருப்பதும் சாதுவான பொருள் இல்லை. ஈரல் ட்ரைகிளிசரைட்டை ஏற்றி அனுப்பும் துகள்தான் விஎல்டிஎல். போகும் வழியில் தசையும் கொழுப்பு இழையங்களும் அந்தக் கொழுப்பை இறக்கிக்கொள்ள, மிஞ்சும் எச்சத்தில் கொலஸ்ட்ரோல் நிறைய இருக்கும், அந்த எச்சமும் எல்டிஎல்லைப் போலவே இரத்தக் குழாய்ச் சுவருக்குள் நுழைந்து படியும். ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பே குழாயை அடைப்பதில்லை, அது கூடினால் இந்த எச்சங்கள் கூடுகின்றன என்பதுதான் விஷயம்.

ஆகவே நான் முதலில் பார்க்கச் சொல்லும் எண் எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரோல். கழித்தல் ஒன்றே ஒன்று: மொத்தத்தில் எச்டிஎல் போக மிச்சம். சுன்னாகத்துக்கு 158, நல்லூருக்கு 176. சுவரில் படியக்கூடிய சரக்கு முழுவதும் இதற்குள் வந்துவிடும், ஆட்டம் இப்போது தலைகீழ். இன்னொரு வசதி, இதற்குச் சாப்பிடாமல் போக வேண்டிய கட்டாயம் இல்லை, ஏனென்றால் சாப்பாட்டால் வெகுவாக ஆடுவது ட்ரைகிளிசரைட், அது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. எல்டிஎல் சூத்திரமோ ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் நம்பத்தகாதது, அப்போது அந்த இடத்தை வெறுமையாக விடும் லாப்பே நல்ல லாப்.

நல்லூர்க்காரரிடம் இன்னொரு சங்கதியும் உண்டு. ட்ரைகிளிசரைட் கூடிய இரத்தத்தில் துகள்கள் தங்களுக்குள் சரக்கு மாற்றிக்கொள்கின்றன: ட்ரைகிளிசரைட் எல்டிஎல்லுக்கும் எச்டிஎல்லுக்கும் போக, அவற்றின் கொலஸ்ட்ரோல் மறுபக்கம் போகிறது. முடிவில் எல்டிஎல் துகள்கள் சிறுத்து நெருக்கமாகின்றன, எச்டிஎல் சீக்கிரம் அழிகிறது. ஐம்பது பேரை ஒரு பஸ்ஸிலும் ஏற்றலாம், ஐந்து வானிலும் ஏற்றலாம், ஆஸ்பத்திரி வீதியில் நெரிசலைக் கூட்டுவது வாகனங்களின் எண்ணிக்கைதான். ரிப்போட்டின் எல்டிஎல் எண் பயணிகளை எண்ணுகிறது, வாகனங்களை அல்ல. வாகனங்களை எண்ண ஏபோ-பி என்று தனிப் பரிசோதனை இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் செய்வதில்லை, செலவும் தனி. அது கிடைக்காவிட்டால் எச்டிஎல் அல்லாத எண்ணே போதுமான அளவு கிட்ட வரும்.

சரி, அந்த நல்ல கொலஸ்ட்ரோல், எச்டிஎல்? ஆணுக்கு 40க்குக் கீழ், பெண்ணுக்கு 50க்குக் கீழ் என்றால் குறைவு. 34 ஒரு எச்சரிக்கை மணி, ஆனால் மணியைப் பிடித்து உயர்த்துவதால் பயன் வரவில்லை. எச்டிஎல்லை நன்றாக ஏற்றிய டோர்செட்ராபிப் என்ற மருந்தின் பெரிய பரிசோதனை 2006இல் நிறுத்தப்பட்டது, மருந்து எடுத்தவர்கள் பக்கமே இறப்பு கூடியதால். எல்டிஎல்லை இறக்கும் ஸ்டாட்டின் குளிசையோடு, எச்டிஎல்லை ஏற்றும் நியாசினைச் சேர்த்துப் பார்த்ததிலும் மாரடைப்பு குறையவில்லை. எனவே "எனக்கு எச்டிஎல் 70, கெட்டது கூடினாலும் பரவாயில்லை" என்ற கணக்கு செல்லாது. குறைந்த எச்டிஎல்லும் கூடிய ட்ரைகிளிசரைட்டும் சேர்ந்து வந்தால், பின்னால் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலை, இருக்கிறதா என்று தேட வேண்டும், அதற்குத்தான் இந்த எண் உதவும்.

அப்புறம் வைத்தியம், இங்கே இருவரின் வழியும் பிரிகிறது. சுன்னாகத்துக்காரரிடம் எல்டிஎல்தான் பிரச்சினை. தேங்காய்ப்பால் சொதி, தேங்காயெண்ணெய்ப் பொரியல், நெய், ஆட்டிறைச்சி ஆகியவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு அதை ஏற்றும். தேங்காயில் கொலஸ்ட்ரோலே இல்லை என்று போத்தலில் எழுதியிருப்பது உண்மைதான், ஆனால் எல்டிஎல்லை ஏற்றுவது அதிலுள்ள கொழுப்பு. நல்லூர்க்காரரிடம் முதலில் கேட்க வேண்டியவை வேறு: இரவில் எத்தனை நீத்துப்பெட்டி புட்டு, தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி, கள்ளோ சாராயமோ எவ்வளவு. கூடவே சீனிக்கு எச்பிஏ1சி, தைரொயிட்டுக்கு டிஎஸ்எச், சிறுநீரகம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும், கட்டுப்படாத சலரோகமும் தைரொயிட் குறைபாடும் ட்ரைகிளிசரைட்டைத் தள்ளி ஏற்றும். 500ஐத் தாண்டினால் கதை வேறு, அப்போது மாரடைப்போடு கணைய அழற்சியையும் பயப்பட வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள், ட்ரைகிளிசரைட்டை மட்டும் இறக்கும் குளிசையால் மாரடைப்பு குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. சலரோகம் உள்ளவர்களுக்குப் பெமாஃபைப்ரேட் கொடுத்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது, ட்ரைகிளிசரைட் இறங்கியது, மாரடைப்பும் பக்கவாதமும் இறங்கவில்லை. நல்லூர்க்காரருக்கும் மருந்து தேவை என்று டொக்டர் முடிவு செய்தால் முதல் குளிசை பெரும்பாலும் ஸ்டாட்டின்தான், அதன் பலனை எல்டிஎல்லோடு எச்டிஎல் அல்லாத எண்ணையும் வைத்து அளக்கலாம். அந்த எண்ணின் இலக்கு எல்டிஎல் இலக்கைவிட 30 கூட என்று வைப்பார்கள்: எல்டிஎல் 100க்குக் கீழ் என்றால் இது 130க்குக் கீழ்.

இருவரில் ஒருவருக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தாலோ சலரோகம் இருந்தாலோ இந்த ஒப்பீடே மாறிவிடும், 140ம் 124ம் இரண்டுமே அவருக்குக் கூட. அடுத்த ரிப்போட் வந்ததும் எல்டிஎல் வரிக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு பேனை எடுத்து மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்து ஓரத்தில் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள், பல லாப்புகள் அந்த வரியை அச்சடிப்பதே இல்லை.