படிவத்தில் வரும் முறைப்பாடு வேலை அட்டையாக: ஸாப்பியரா, மேக்கா, பவர் ஓட்டோமேட்டா?

கிளிநொச்சியில் நாங்கள் ஏழு பேர் வேலை செய்கிற ஒரு சின்ன அலுவலகம். லான்ட்மாஸ்டர், தண்ணி மோட்டர், மருந்தடிக்கிற மெசின் எல்லாம் திருத்திக் கொடுக்கிறோம். பரந்தன், பூநகரி, மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று நாலு பக்கமும் ஆளுக்கொரு மெக்கானிக். முன்பு கமக்காரர்கள் போன் எடுப்பார்கள், அக்கா கொப்பியில் எழுதுவா, பிறகு வட்ஸ்அப்பில் மெக்கானிக்குக்கு அனுப்புவா. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுத்தால் ஒன்று தவறும்.

போன வருடம் ஒரு கூகுள் படிவம் செய்து, ஊர்க் கடைகளில் இருக்கும் எங்கள் முகவர்களுக்கு இணைப்பை அனுப்பிவிட்டோம். முறைப்பாடு படிவத்தில் வந்தவுடன் ட்ரெல்லோ என்கிற இணைய வேலைப் பலகையில் ஒரு அட்டையாக விழ வேண்டும், மெக்கானிக் போனில் பார்த்து வேலைக்குப் போக வேண்டும். தேவை அவ்வளவுதான். படிவத்திலிருந்து ட்ரெல்லோவுக்குத் தகவலைத் தானாகக் கொண்டுபோகிற பாலமாக ஸாப்பியர், மேக், பவர் ஓட்டோமேட் என்று மூன்று கருவிகளைப் பாவித்துப் பார்த்திருக்கிறேன். இப்போது மேக்கில் நிற்கிறோம். ஆனால் முதலில் போன விதத்தில் அல்ல.

ஸாப்பியரைப் பற்றிக் கனக்கச் சொல்லத் தேவையில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட இலகுவானது இல்லை. கூகுள் படிவத்தில் புதிய பதில் வந்தால் ட்ரெல்லோவில் அட்டை போடு என்று இரண்டு படி. அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. இலவசக் கணக்கில் இரண்டு படிக்கு மேல் போக முடியாது. மாதம் 100 செயல்கள்தான். இரண்டு படிச் சிக்கலுக்கு ஒரு வழி இருக்கிறது: அட்டையை மட்டும் ஸாப்பியர் போடட்டும்; தவணைத் திகதி வைப்பது, சரிபார்ப்புப் பட்டியல் சேர்ப்பது எல்லாவற்றையும் ட்ரெல்லோவுக்குள்ளேயே இருக்கிற ஓட்டோமேசனிடம் விட்டுவிடலாம். அதற்கும் இலவசக் கணக்கில் மாதம் 250 தடவை தருகிறார்கள். இந்த ஏற்பாட்டை மேக்குக்கு வந்த பிறகும் நாங்கள் மாற்றவில்லை.

எங்களைக் கவிழ்த்தது அந்த 100. சாதாரண மாதத்தில் 50 முறைப்பாடு வரும். காலபோக உழவு தொடங்கும் செப்டெம்பர், ஒக்டோபரில் 130 வரை போகும். ஒக்டோபர் 22இல் கணக்கு முடிந்து, மிச்சப் படிவங்கள் ஸாப்பியரிலேயே தேங்கி நின்றன. காசு கட்டலாம்தான். ஆனால் ஆண்டுக் கட்டணமாகக் கட்டினாலும் மாதம் 20 டொலர் அளவில் வருகிறது. வருடத்தில் இரண்டு மாத நெருக்கடிக்காகப் பன்னிரண்டு மாதக் காசு கட்ட முதலாளி சம்மதிக்கவில்லை. எனக்கும் மனம் வரவில்லை.

மேக்கின் இலவசக் கணக்கில் மாதம் 1,000. முன்பு ஒபரேசன் என்றார்கள், இப்போது கிரெடிட் என்கிறார்கள். நூறோடு ஆயிரத்தை ஒப்பிட்டுப் பார்த்துச் சந்தோசப்பட்டுத்தான் உள்ளே போனேன். இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல என்பது பிறகுதான் விளங்கியது. ஸாப்பியர் புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. அட்டை போட்டால்தான் ஒன்று கழியும். மேக் எட்டிப் பார்த்தாலே ஒன்று கழியும், படிவம் வந்திருந்தாலும் வராவிட்டாலும். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் நாளைக்கு 96, மாதத்துக்கு 2,880. ஒரு அட்டைகூடப் போடாமலே 1,000 பத்து நாளில் கரைந்துவிடும்.

இதைச் சரிக்கட்டுவது இலகு. திங்கள் முதல் சனி வரை, காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணி வரை, அரை மணிக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்று நேர அட்டவணையில் போட்டேன். இரவு பத்து மணிக்கு லான்ட்மாஸ்டர் திருத்த யார் போகப் போகிறார்கள்? அப்படி வைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 470. மிச்சம் 530 எங்கள் அட்டைகளுக்கு. கணக்கின் நேர வலயம் Asia/Colombo என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முதலில் வேறு ஏதோ இருந்ததால், அலுவலகம் பூட்டிய பிறகு அட்டைகள் விழுந்துகொண்டிருந்தன.

ஆனால் என்னை மேக்கில் நிறுத்தி வைத்தது விலை அல்ல. பிழைத்துப்போனால் தானாக எழும்பி நிற்கக்கூடிய மாதிரி அதைக் கட்டலாம் என்பதுதான். அதைக் கற்றுக்கொண்ட கதை கொஞ்சம் வெட்கமானது.

படிவத்தின் பதில்கள் ஒரு கூகுள் தாளில் வரி வரியாக விழும், மேக் பார்ப்பது அந்தத் தாளைத்தான். முதலில் எல்லோரையும் போல Watch New Rows என்ற தொகுதியைத்தான் வைத்தேன். பெயரைப் பார்த்தால் அதுதான் சரியென்று தெரியும். அது கடைசியாகப் பார்த்த வரியின் இலக்கத்தை நினைவில் வைத்திருக்கும். அதற்குக் கீழே வருவதைத்தான் புதியது என்று எடுக்கும். எங்கள் தாளில் 187 வரி இருந்தது. ஒரு நாள் அக்கா, சோதித்துப் பார்க்கப் போட்டதும் இரட்டையாக வந்ததுமாக 14 வரியை அழித்து, தாளைத் துப்புரவாக்கிவிட்டா. நல்ல எண்ணம்தான். அடுத்த முறைப்பாடு 174ஆம் வரியில் விழுந்தது. மேக் 188க்காகக் காத்துக்கொண்டிருந்தது. இடையில் வந்த 14 முறைப்பாடும் அட்டையாகவே இல்லை. மேக்கின் ஓட்டப் பதிவைத் திறந்தால் எல்லாம் பச்சை. பிழை என்று ஒரு சொல்லும் இல்லை, ஏனென்றால் அதன் கணக்குப்படி பிழை எதுவும் நடக்கவில்லை.

எங்களுக்கு எப்படித் தெரிந்தது? மல்லாவியிலிருந்து ஒரு ஐயா பஸ் ஏறி நேரே வந்துவிட்டார். “தம்பி, நாலு நாளா ஒருத்தரையும் காணேல்ல. கடைக்காரப் பெடியன் அண்டைக்கே அனுப்பினதெண்டு சொல்லுறான்.” பெடியன் சொன்னது சரி. தாளில் அவருடைய வரி இருந்தது. ட்ரெல்லோவில் இல்லை.

ஸாப்பியரிலும் கூகுள் தாளைத் தூண்டுதலாக வைத்தால் வரியை அழிக்காதே, வரிசைப்படுத்தாதே, நடுவில் நிரல் செருகாதே என்றுதான் அவர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் ஏழு பேரையும் தாளில் கை வைக்காமல் வைத்திருப்பது நடக்கிற காரியமா? ஆட்களைத் திருத்துவதை விட்டுவிட்டு வடிவத்தை மாற்றினேன்.

எங்கள் படிவத்தின் பதில்கள் A முதல் G வரை இருக்கின்றன. H நிரலின் தலைப்பில் “அட்டை” என்று எழுதி, அதை வெறுமையாக விட்டேன். Watch New Rows ஐ எடுத்துவிட்டு Search Rows வைத்தேன். H வெறுமையாக இருக்கிற வரிகளைத் தேடு என்பதுதான் அதற்குக் கொடுத்த நிபந்தனை. அடுத்தது ட்ரெல்லோவின் Create a Card. கடைசியில் Update a Row, போட்ட அட்டையின் இணைப்பை அதே வரியின் H இல் எழுதும். இப்போது மேக் எந்த இலக்கத்தையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. வரிசைப்படுத்துங்கள், அழியுங்கள், பரவாயில்லை. H வெறுமையாக இருக்கும் வரை அந்த முறைப்பாடு கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை கூகுள் இணைப்பின் அனுமதி காலாவதியாகி இரண்டு நாள் ஓடவில்லை. திரும்ப இணைத்து ஓட்டத்தை மறுபடி இயக்கியவுடன் அடுத்த ஓட்டத்திலேயே தேங்கிய ஒன்பதும் விழுந்தன. நான் வேறு ஒன்றும் செய்யவில்லை.

செலவு கூடும். முறைப்பாடு ஒன்றுக்கு ஒன்றாக இருந்தது இப்போது இரண்டு. 130 வந்த மாதத்திலும் 470 உடன் 260 சேர்ந்து 730தான். ஆயிரத்துக்குள் நிற்கிறது. மாதம் 300 முறைப்பாடு வருகிற இடமென்றால் இந்தக் கணக்கு உதைக்கும். ஒரு மணிக்கு ஒரு தடவை பார்க்க வைக்க வேண்டியிருக்கும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. அட்டை போட்ட பிறகு H இல் எழுதும் படி தவறினால், அடுத்த ஓட்டத்தில் அதே முறைப்பாடு இன்னொரு அட்டையாக விழும். ஐந்து மாதத்தில் இரண்டு தடவை நடந்தது. படிவம் வந்த நேரத்தை அட்டையின் தலைப்பில் சேர்த்திருப்பதால் இரட்டை என்று பார்த்தவுடன் தெரியும், ஒன்றை மூடிவிடுவோம். தவறவிடுவதை விட இரட்டையாக வருவது மேல்.

தாளின் இன்னொரு பக்கத்தில் இந்த ஒரு வரியையும் போட்டு வைத்திருக்கிறேன். அட்டையாகாமல் எத்தனை நிற்கிறது என்று சொல்லும்:

```
=COUNTIFS('Form Responses 1'!A:A,"<>",'Form Responses 1'!H:H,"")
```

அக்கா காலையில் வந்தவுடன் அதைப் பார்ப்பா. ஒன்பது மணிக்குப் பிறகும் பூச்சியம் இல்லையென்றால் எனக்குச் சொல்லுவா.

ஊர்ப் பெயரைத் தட்டெழுத விட்டதும் எங்கள் பிழைதான். புதுக்குடியிருப்பு ஒருவரிடம் தமிழில் வரும், இன்னொருவரிடம் ஆங்கிலத்தில், மூன்றாமவரிடம் PTK என்று. எந்தக் கருவியாலும் இதை ஒரே மெக்கானிக்கிடம் அனுப்ப முடியாது. கேள்வியைத் தெரிவுப் பட்டியலாக மாற்றிய அன்றே அது தீர்ந்தது.

பவர் ஓட்டோமேட்டைப் பற்றி எனக்குச் சொல்ல உரிமை குறைவு. முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் மூன்று மாதம்தான் பாவித்தேன். அங்கே ஏற்கெனவே மைக்ரோசொப்ட் 365 இருந்ததால் தனிச் செலவு இல்லை. மைக்ரோசொப்ட் படிவத்திலிருந்து, ட்ரெல்லோ மாதிரி அவர்களிடம் இருக்கிற பிளானருக்கு வேலை போனது. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. When a new response is submitted என்ற தூண்டுதல் பதிலின் அடையாள எண்ணை மட்டும்தான் தரும். பெயர், ஊர், முறைப்பாடு எல்லாம் வேண்டுமென்றால் அடுத்ததாக Get response details போட்டு அந்த எண்ணை அதற்குள் கொடுக்க வேண்டும். அந்த மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. திட்டம் முடிந்து, அதைக் கட்டிய தம்பி போய், அவருடைய கணக்கை மூடினார்கள். ஓட்டம் அவருடைய இணைப்பில் இருந்தது, அதுவும் நின்றது. நாங்கள் இரண்டு கிழமைக்குப் பிறகுதான் கவனித்தோம். உங்கள் அலுவலகம் 365க்கு ஏற்கெனவே காசு கட்டுகிறதென்றால், வேறெங்கும் போகாமல் அதிலேயே செய்யுங்கள். ஆனால் தனி ஆளின் கணக்கில் வேண்டாம்.

மாதம் 60 படிவத்துக்குக் குறைவாகத்தான் வரும், தாளைத் தொடுவதும் ஒரே ஒரு ஆள் என்றால், ஸாப்பியரிலேயே இருங்கள். மேக்கைக் கட்ட எனக்கு இரண்டு பின்னேரம் போனது. அந்த அளவுக்கு மினக்கெடத் தேவையில்லை.

எங்கள் மேக், ட்ரெல்லோ, கூகுள் மூன்றும் அலுவலகத்தின் பொது மின்னஞ்சலில் இருக்கின்றன. அடுத்தடுத்து மூன்று தடவை பிழைத்தால் மேக் ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பும். அது என் சொந்தப் பெட்டிக்கு வந்தால் நான் விடுமுறையில் ஊரில் நிற்கும்போது யாரும் பார்க்க மாட்டார்கள். இப்போது அந்தப் பொதுப் பெட்டி அக்காவின் போனிலும் திறந்திருக்கிறது. கடவுச்சொல் முதலாளியின் மேசை லாச்சியில், பழைய முறைப்பாட்டுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்.