அனிமேட்டிக்கில் நொடிக்கணக்கு: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

சின்னச் சின்ன விளக்கப் படங்கள் எடுப்பதுதான் என் வேலை. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், அதிகம் போனால் நான்கு நிமிடம். நடிப்பு கொஞ்சம், பின்னணிக் குரல் நிறைய. இந்த மாதிரி படத்துக்கு ஷூட்டிங் போவதற்கு முன்னால் ஸ்டோரிபோர்டு படங்களை வரிசையாக டைம்லைனில் போட்டு, என் குரலிலேயே தற்காலிகமாக ஒரு ஸ்க்ராட்ச் வாய்ஸ் பதிவு செய்து, இரண்டையும் நொடி பார்த்துப் பொருத்தி ஒரு ரஃப் வீடியோ, அதாவது அனிமேட்டிக், செய்வதை சில வருடங்களாக விடாமல் செய்கிறேன். அனிமேட்டிக் எப்படிச் செய்வது என்று சொல்லித்தர இணையத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு படமும் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது என்பதை மட்டும் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். மருத்துவமனைக் காத்திருப்பு அறை டிவியில் ஓட, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓஆர்எஸ் கரைசல் தயாரித்துக் கொடுப்பது பற்றி 90 நொடிப் படம். ஸ்கிரிப்ட் தயார், படங்கள் பென்சிலில் வரைந்து போனில் எடுத்தாகிவிட்டது.

முதல் வேலை குரல். பேசும் வேகத்துக்கு ஆங்கிலப் பயிற்சிகளில் நிமிடத்துக்கு 130, 150 சொற்கள் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். தமிழுக்கு அதை அப்படியே எடுத்தால் படம் கண்டிப்பாக நீளும், ஏனென்றால் நம் சொற்கள் நீளமானவை. 'கரையும்வரை' என்பது நமக்கு ஒரே சொல், ஆனால் வாயில் அது பிடிக்கும் நேரம் ஒரு சொல்லுக்குரியது இல்லை. பொதுமக்களுக்கான நிதானமான வாசிப்பில் எனக்கு நிமிடத்துக்கு 90 சொற்களை ஒட்டித்தான் வருகிறது. உங்கள் குரலுக்கு இது வேறாக இருக்கும், ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது எண்களை எழுத்தால் எழுதிக்கொள்வது நல்லது. தாளில் '24' என்று குட்டியாக நிற்பது வாயில் 'இருபத்து நான்கு' ஆகிவிடும்.

பதிவு செய்ய போன் போதும். ஆனால் முழு ஸ்கிரிப்டையும் ஒரே மூச்சில் ஒரே கோப்பாகப் பதிவு செய்யாமல், வாக்கியத்துக்கு ஒரு துண்டாக வெட்டி வைத்துக்கொள்கிறேன். அனிமேட்டிக்கில் நாம் நகர்த்தப்போவது பெரும்பாலும் வாக்கியங்களுக்கு நடுவே இருக்கும் மௌனத்தைத்தான். குரல் ஒரே நீளத் துண்டாக இருந்தால் அந்த மௌனத்தைத் தொடவே சோம்பலாக இருக்கும், அப்புறம் படங்களைக் குரலுக்கு ஏற்றபடி இழுக்க ஆரம்பித்துவிடுவோம்.

அதுதான் இந்த வேலையின் மையப் பிரச்சினை. டைம்லைனில் குரலைப் போட்டு அந்தந்த வாக்கியத்துக்கு அடியில் அந்தந்தப் படத்தை நீட்டி வைத்தால் பார்க்க எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதுபோல் இருக்கும். ஆனால் குரலின் நீளம் வேறு, செயலின் நீளம் வேறு. வரைந்த படம் அசையாது, அதனால் அதில் நடக்கும் வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அது காட்டிக்கொடுக்காது.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் நீரில் கொட்டி, நன்றாகக் கரையும்வரை கலக்குங்கள்." ஒன்பது சொற்கள், வாசிக்க 6 நொடி. ஸ்டோரிபோர்டில் இதற்கு ஒரே படம்தான் இருந்தது, ஒரு கை பாத்திரத்தில் கரண்டியால் கலக்குகிறது. அந்தப் படத்தை 6 நொடி வைத்தால் அனிமேட்டிக்கில் ஒரு குறையும் தெரியாது. சமையலறையில் போய் ஸ்டாப்வாட்ச் வைத்து அதே வேலையைச் செய்தேன். பாக்கெட்டைக் கிழித்து, ஓரத்தில் ஒட்டியிருப்பதையும் தட்டிக் கொட்ட 8 நொடி. தூள் முழுதாகக் கரைந்து நீர் தெளிய இன்னும் 40 நொடி அளவுக்கு. ஆக, 6 நொடி வாக்கியத்துக்குள் கிட்டத்தட்ட 50 நொடி வேலை ஒளிந்திருக்கிறது. அப்படியே ஷூட்டிங் போயிருந்தால், கேமராமேன் கலக்குவதை நீளமாக எடுத்துத் தருவார், எடிட்டிங்கில் அதை எங்கே வெட்டினாலும் துள்ளும், நடுவில் ஒட்ட வேறு ஷாட்டே இருக்காது.

அதனால் அந்த ஒரு படத்தை நான்காகப் பிரித்தேன். கொட்டுவது நெருக்கத்தில் 4 நொடி. கலக்கத் தொடங்குவது 3 நொடி, வாக்கியம் இதற்குள் முடிந்துவிடுகிறது. அம்மாவைப் பார்க்கும் குழந்தையின் முகம் 2 நொடி, குரல் இல்லை. பிறகு கரண்டியில் எடுத்துக் காட்டும் தெளிந்த கரைசல் 3 நொடி. மொத்தம் 12 நொடி. குழந்தையின் முகம் வந்துபோகும் 2 நொடியில் பார்ப்பவர் மனதில் 40 நொடி கடந்துவிடுகிறது. அந்த முக ஷாட் ஸ்கிரிப்டிலோ முதல் ஸ்டோரிபோர்டிலோ இல்லை, நேரத்தைப் பொருத்தும்போதுதான் அது வேண்டும் என்று தெரிந்தது. இப்படிக் கிடைக்கும் ஷாட்டுகளுக்காகவே நான் இந்த வேலையை விடுவதில்லை.

இப்படி எல்லாப் படங்களையும் செய்து பார்த்து நேரம் போட்டதும், வெறும் குரலாக 74 நொடி இருந்த ஸ்கிரிப்ட் 106 நொடிக்குப் போய்விட்டது. 16 நொடி குறைக்க வேண்டும். இந்த இடத்தில் எல்லோருக்கும் கை போவது ஒவ்வொரு படத்திலும் அரை நொடி கத்தரிக்கத்தான். அதைச் செய்யாதீர்கள், மூச்சுவிட வைத்த மௌனம்தான் முதலில் போகும். முழு வாக்கியமாக எடுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் என்ன என்று விளக்கும் தொடக்க வரி 9 நொடி, குழந்தையோடு காத்திருக்கும் அம்மாவுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. மருந்துக்கடையில் பாக்கெட் வாங்கும் காட்சி 7 நொடி. இரண்டும் போனதும் 90. கடைக் காட்சி போனதால் ஒரு லொகேஷனே குறைந்தது.

இன்னொரு விஷயம், அசையாத படம் நம்மை ஏமாற்றும். பென்சில் படத்தைக் கண் ஒன்றரை நொடியில் படித்து முடித்துவிடும், அதற்கு மேல் நின்றால் இழுப்பதுபோல் தோன்றும். அந்த உணர்வை நம்பிப் படத்தைக் குறைத்தால், அதே ஷாட் உண்மையான மனிதர்களோடும் அசைவோடும் வரும்போது அவசரமாக இருக்கும். "இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைக்கு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுங்கள்" என்ற வாக்கியம் 7 நொடி. ஒரே படமாக 7 நொடி நின்றபோது தாங்கமுடியாமல் இருந்தது. கரண்டி பாத்திரத்தில், கரண்டி உதட்டில், குழந்தை விழுங்கிய பிறகு என்று மூன்று கோட்டுப் படங்களாக மாற்றினேன், அதே 7 நொடி சரியாக உட்கார்ந்தது. ஒரு படம் நீளமாகத் தோன்றினால் நேரத்தைக் குறைக்கும் முன் இன்னொரு படம் வரைந்து பாருங்கள். குச்சி மனிதர்கள் போதும்.

திரையில் எழுத்து வந்தால் தனிக் கணக்கு. 'தயாரித்த கரைசல் 24 மணி நேரத்துக்கு மட்டும்' என்ற வரியை மெதுவாக இரண்டு முறை வாசிக்கும் நேரம் அது நிற்க வேண்டும். அந்த நேரத்தில் குரல் வேறு எதையும் பேசக்கூடாது. ஒன்று அதே வரியைப் பேச வேண்டும், இல்லை சும்மா இருக்க வேண்டும்.

கருவிகள் பற்றி. தொடக்கத்தில் வொண்டர் யூனிட்டின் ஸ்டோரிபோர்டர் பயன்படுத்தினேன், இலவசம், திறந்த மூலம். வரைவதற்கும் வரிசையை மாற்றிப் பார்ப்பதற்கும் இன்றும் அதைத்தான் சொல்வேன். அதில் ஒவ்வொரு படத்தின் நேரமும் மில்லிநொடியில் இருக்கும். ஆனால் குரல் துண்டுகளை முன்னும் பின்னும் நகர்த்தி விளையாட அது தோதான இடம் இல்லை, அதற்கு எடிட்டிங் மென்பொருள்தான் சரி. நான் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் செய்கிறேன். தொடங்கும் முன்பே பிரேம் ரேட்டை ஷூட்டிங்கில் வைக்கப்போவதற்கே பொருத்துங்கள், 25 என்றால் 25. டைம்லைனில் படங்களைப் போட்ட பிறகு அதை மாற்ற விடாது. அசையாத படத்துக்கு அது தானாகக் கொடுக்கும் 5 நொடியையும் முன்விருப்பங்களில் 2 ஆக்கிவிடுங்கள், பாதி இழுவை வேலை மிச்சம்.

கணினி பழசு என்றால் எடிட்டரே வேண்டாம். குரல் துண்டுகளை நடுவே உள்ள மௌனத்தோடு kural.wav என்ற ஒரே கோப்பாகச் சேர்த்து, நேரங்களை list.txt என்ற உரைக் கோப்பில் எழுதி, ffmpeg என்ற கட்டளைவரிக் கருவிக்குக் கொடுக்கலாம்:

```
file 05_kottu.png
duration 4
file 06_kalakku.png
duration 3
file 07_mugam.png
duration 2
file 08_thelivu.png
duration 3
file 08_thelivu.png
```

```
ffmpeg -f concat -i list.txt -i kural.wav -vf "fps=25,format=yuv420p" rough.mp4
```

கடைசிப் படத்தை இரண்டாம் முறை எழுதியிருப்பது தவறுதலாக இல்லை. அப்படி எழுதாவிட்டால் கடைசிப் படத்தின் நேரம் கணக்கில் வராமல் போகும். எல்லாப் படங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்களாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வீடியோ உருவாகாது. ஒரு நேரத்தை மாற்றிக் கட்டளையை மறுபடி ஓட்டினால் புது வீடியோ, அவ்வளவுதான்.

காட்டுவதிலும் ஒரு முறை வைத்திருக்கிறேன். முதலில் நானே சத்தத்தை அணைத்துப் பார்ப்பேன், படம் மட்டும் கதை சொல்கிறதா என்று. பிறகு திரையைப் பார்க்காமல் கேட்பேன். அதற்குப் பிறகுதான் வாடிக்கையாளர். வரைபடம் கரடுமுரடாக இருப்பதால் சிலர் "இவ்வளவுதானா படம்?" என்று பதறுவார்கள், அதனால் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஷாட் எண் போட்டு, எண்ணைச் சொல்லிக் கருத்துக் கேட்பேன். இந்தப் படத்தைப் பார்த்த செவிலியர் ஒருவர், "பாக்கெட்டைத் தொடுறதுக்கு முன்னாடி கை கழுவுறது எங்கே?" என்று கேட்டார். 3 நொடி ஷாட் ஒன்று சேர்ந்தது, வேறோர் இடத்தில் 3 நொடி குறைந்தது. வரைபடமாக இருந்ததால் அது பத்து நிமிட வேலை.

இந்த முறைக்கு எல்லை உண்டு. நேர்காணலுக்கு இது உதவாது, ஒருவர் எப்படிப் பேசுவார் என்று நாம் வரைய முடியாது. இந்தப் படத்திலேயே குழந்தை கரண்டியை வாங்கும் ஷாட்டுக்கு 7 நொடி என்று எழுதி வைத்தாலும், குழந்தை அதன் நேரத்துக்குத்தான் வாய் திறக்கும், அங்கே கேமராவை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். இன்னொன்று, நம் ஸ்க்ராட்ச் வாய்ஸுக்குக் காது பழகிவிடும். உண்மையான குரல் கலைஞர் பெரும்பாலும் நம்மைவிட நிதானமாகத்தான் வாசிப்பார். அதற்காக வாக்கியங்களுக்கு நடுவே கொஞ்சம் தாராளமாகவே இடம் விடுகிறேன்.

ஷூட்டிங் அன்று இந்த வீடியோ எல்லோர் போனிலும் இருக்கும். ஷாட்டுக்கு 4 நொடி என்றால் முன்னும் பின்னும் இரண்டு மூன்று நொடி சேர்த்து எடுக்கிறோம். மாலையில் எடுத்ததைக் கொண்டுவந்து அதே டைம்லைனில் பென்சில் படங்களுக்கு மேல் டிராக்கில் ஒவ்வொன்றாக வைப்பேன். எந்த இடத்தில் இன்னும் பென்சில் கோடு தெரிகிறதோ, அந்த ஷாட் பாக்கி.