'எல்லாரும் சுயநலம்தான்', 'சுயநலமே சரி': இரண்டும் ஒன்றா?

"உலகத்தில் எல்லாரும் சுயநலக்காரர்கள்தான். அதனால் அவரவர் காரியத்தை அவரவர் பார்த்துக்கொள்வதே சரி." இப்படிச் சொல்பவர்கள் ஒரே கருத்தைச் சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் இங்கே இருப்பவை இரண்டு கொள்கைகள். முதல் பாதி உளவியல் சுயநலவாதம்: மனிதர் எதைச் செய்தாலும் கடைசியில் தம் நலனுக்காகவே செய்கிறார்கள் என்கிறது. இது மனித மனத்தைப் பற்றிய தகவல். சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். இரண்டாம் பாதி அறவியல் சுயநலவாதம்: ஒவ்வொருவரும் தம் நலனுக்கு ஏற்றதைத்தான் செய்ய வேண்டும் என்கிறது. இது கட்டளை.

இவை ஒன்றுக்கொன்று துணை நிற்பதும் இல்லை. வேறு எதையும் செய்யவே முடியாதவனுக்கு 'இதைச் செய்' என்று எதற்குச் சொல்ல வேண்டும்? முதலாவது உண்மையானால், இரண்டாவதற்கு மிஞ்சும் வேலை ஒன்றுதான்: 'உன் நலன் எது என்று சரியாகக் கணக்குப் போடு' என்ற அறிவுரை. அது புத்திசாலித்தனம் பற்றிய பேச்சு, அறம் பற்றியதல்ல. ஆகவே இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

உளவியல் சுயநலவாதத்தின் கவர்ச்சி, எந்த நல்ல செயலையும் அது சுயநலமாகவே விளக்கிவிடும் என்பதில் இருக்கிறது. ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் ஒரு முதியவருக்குப் பிச்சையிட்டதாக, அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதிய ஜான் ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார். ஏன் கொடுத்தீர்கள் என்று பாதிரியார் ஒருவர் கேட்டபோது, அவர் படும் பாட்டைப் பார்ப்பது எனக்கு வேதனையாக இருந்தது, அவருக்குக் கிடைத்த ஆறுதல் என்னையும் ஆற்றியது என்ற பொருளில் ஹாப்ஸ் பதில் சொன்னாராம். பார்த்தீர்களா, அதுவும் தன் நிம்மதிக்காகத்தான் என்று இதைக் காட்டுவார்கள். ஆனால் அந்த வேதனை எங்கிருந்து வந்தது? முதியவரின் நிலை ஹாப்ஸுக்கு ஒரு பொருட்டாக இருந்ததால்தானே வந்தது? ஆங்கிலேயப் பாதிரியாரும் தத்துவவாதியுமான ஜோசப் பட்லர் 1726இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார். ஒன்றின் மேல் முதலில் நாட்டம் இருந்தால்தான் அது நிறைவேறும்போது மகிழ்ச்சி வரும். பிறர் நலத்தில் துளியும் அக்கறை இல்லாதவருக்கு, பிறருக்கு உதவுவதால் எந்த நிம்மதியும் கிடைக்காது. மகிழ்ச்சி கூடவே வந்தது என்பதால், அதற்காகத்தான் செய்தார் என்று ஆகிவிடாது.

பட்லர் சொன்னது தர்க்கம். இதைச் சோதனையாகவே நடத்திப் பார்த்தவர் உளவியலாளர் டேனியல் பாட்சன். 1981இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், மாணவிகள் எலைன் என்ற பெண்ணை டி.வி. திரையில் பார்த்தார்கள். அவளுக்குப் பத்துச் சுற்றுகள் மின்னதிர்ச்சி கொடுக்கப்படும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. (நிஜத்தில் அது முன்பே எடுத்த வீடியோ, அதிர்ச்சியும் நடிப்பு.) இரண்டாவது சுற்றிலேயே எலைன் துடிக்க, 'மீதியை அவளுக்குப் பதில் நீங்கள் ஏற்கிறீர்களா?' என்று கேட்டார்கள். சிலருக்கு இரண்டு சுற்றோடு எழுந்து போக அனுமதி உண்டு. மற்றவர்கள் மறுத்தால் பத்தையும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். இதோடு, எலைனின் விருப்பு வெறுப்புகள் தங்களுடையதைப் போன்றவை என்று பாதிப் பேரை நம்பவைத்து, அவள்மேல் பரிவு வரச் செய்தார்கள்.

தன் மனவேதனையைத் தணிக்கத்தான் உதவுகிறோம் என்றால், எழுந்து போக வழியிருப்பவர் எழுந்து போய்விடுவார். அதுதான் மலிவான வழி. பரிவு குறைந்தவர்களிடம் அப்படித்தான் நடந்தது. வெளியேற முடிந்த 11 பேரில் 2 பேர்தான் உதவ முன்வந்தார்கள். உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டியவர்களில் 11க்கு 7. பரிவு கூடியவர்களிடமோ, சுலபமாகப் போக முடிந்த 11 பேரில் 10 பேர் அதிர்ச்சியைத் தாங்கள் ஏற்க ஒப்புக்கொண்டார்கள்.

இதோடு வழக்கு முடிந்துவிடவில்லை. எழுந்து போனாலும் குற்ற உணர்வு கூடவே வருமே, பரிவால் வந்த சோகம் ஒட்டிக்கொள்ளுமே என்று ராபர்ட் சியால்டினி போன்ற உளவியலாளர்கள் மறுத்தார்கள். பாட்சன் அவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கப் பல ஆண்டுகள் செலவிட்டார். நேர்மையான சர்ச்சை அது. ஆனால் எந்த முடிவு வந்தாலும் 'அதுவும் ஒரு சுயநலம்தான்' என்று சொல்பவர் இந்த ஆட்டத்திலேயே இல்லை. எது நடந்தாலும் பொருந்திவிடும் கூற்று, மனிதரைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை.

அறவியல் சுயநலவாதம் இதைவிடக் கெட்டியானது. அது எப்படி முறிகிறது என்பதிலும் பலர் அவசரப்படுகிறார்கள். ஒரே வேலைக்குக் கடைசிச் சுற்றில் இரண்டு பேர் என்று வையுங்கள். ஒருவருக்கு வர வேண்டிய நேர்காணல் அழைப்பு தவறுதலாக மற்றவரின் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது. அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்தக் கொள்கைப்படி, அழைப்பு கைக்கு வந்தவர் அதை அழிக்க வேண்டும். அழைப்புக்கு உரியவர் அதைத் தடுக்க வேண்டும். இது முரண்பாடு, எனவே கொள்கையே பிழை என்று தத்துவவாதி கர்ட் பையர் பாணியில் முடித்துவிடுவார்கள். இதற்கு இன்னொரு தத்துவவாதி ஜெஸ்ஸி கேலின் சொன்ன பதில் எனக்குச் சரியென்றே படுகிறது. சதுரங்கத்தில் எதிராளி எந்தக் காயை நகர்த்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் நகர்த்தக் கூடாது என்றும் ஆசைப்படுவேன். இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். அந்த மின்னஞ்சலை ஏன் அழிக்கக் கூடாது? மாட்டிக்கொள்வாய், பெயர் கெடும் என்பதே சுயநலவாதி தரக்கூடிய காரணம். 1651இல் வந்த 'லெவியதான்' நூலில், நீதி என்று எதுவும் இல்லை என்று வாதிடும் 'மூட'னுக்கு ஹாப்ஸ் சொல்லும் பதிலும் ஏறக்குறைய இதுதான்: ஏமாற்றுவது சில நேரம் பலிக்கலாம், ஆனால் பலிக்கும் என்று நம்பி இறங்குவது அறிவீனம். பெரும்பாலான நாட்களுக்கு இது நல்ல அறிவுரை. ஆனால் மாட்டும் வாய்ப்பு குறையக் குறைய, இந்தக் கொள்கையின் தீர்ப்பும் 'கூடாது' என்பதிலிருந்து 'செய்தே ஆக வேண்டும்' என்று புரண்டுவிடும். நம் தீர்ப்பு அந்த வாய்ப்பைப் பார்த்துப் புரள்வதில்லை. சரியான விடை வரும் நேரத்திலும் காரணம் பிசகுகிறது: வேலையை இழக்கப்போகிறவர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவரிடம் யோசனை கேட்டால் அவர் என்ன சொல்ல வேண்டும்? இந்தக் கொள்கைப்படி, தனக்கு எது லாபமோ அதை. சுயநலவாதி தன் கொள்கையைப் பரப்புவதுகூட அவருக்கே நஷ்டம். சுற்றியிருப்பவர்கள் தாராள மனதோடு இருப்பதுதான் அவருக்கு வசதி. எனவே பெரும்பாலான நேரம் அவர் இதை வெளியே சொல்லக் கூடாது. பலர் மோதும் இடத்தில் எல்லோர் முன்னும் வைத்து வழக்கைத் தீர்க்கத்தான் அறக் கொள்கை வேண்டும். ஒருவர் மனதுக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஒன்றால் அந்த வேலை நடக்காது.

இதனால் சுயநலவாதம் முட்டாள்தனம் என்று ஆகாது. ஆங்கிலத் தத்துவவாதி ஹென்றி சிட்ஜ்விக் 1874இல் வெளியான தன் அறவியல் நூலில், என் நலன் எனக்கு முக்கியம் என்பதையும், யாருடைய நலனும் இன்னொருவருடையதைவிடத் தாழ்ந்ததல்ல என்பதையும் பகுத்தறிவு ஒருங்கே ஏற்கிறது என்றார்; இரண்டும் மோதினால் எது வெல்ல வேண்டும் என்பதை அவரால் நிறுவ முடியவில்லை. மின்னஞ்சலை அழிப்பவர் அறிவோடுதான் நடந்தார் என்று வாதாட இன்றும் இடமிருக்கிறது. அவர் செய்தது நியாயம் என்று வாதாட, இழந்தவரிடம் சொல்லக்கூடிய காரணம் ஒன்று வேண்டும். 'அது என் நலன்' என்று இவர் சொன்னால், அதே சொற்களை அவரும் திருப்பிச் சொல்வார்.