அப்பாவின் கண்புரை ஆபரேஷன்: நான்கு லென்ஸ், நான்கு பில், கையிலிருந்து எவ்வளவு?

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, எங்களைப் பக்கத்து அறையில் இருந்த கவுன்சிலரிடம் அனுப்பினார்கள். அந்தப் பெண் ஒரு லேமினேட் செய்த அட்டையை நீட்டினார். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் நான்கு லென்ஸ், நான்கு பேக்கேஜ்: ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் மோனோஃபோகலில் இந்தியன் 28,000, வெளிநாடு 42,000, சிலிண்டர் பவரையும் சரிசெய்யும் டோரிக் 58,000, தூரம், இடை, கிட்ட மூன்றுக்குமான ட்ரைஃபோகல் 85,000. எல்லாம் ஒரு கண்ணுக்கு. "இன்சூரன்ஸ் இருக்கா சார்?" என்றார். இருக்கிறது என்றதும் அவர் விரல் அட்டையின் கீழ்ப்பக்கம் போனது.

அட்டை விலையைப் பார்த்து முடிவெடுத்தால் கணக்கு தப்பாகிவிடும். இன்சூரன்ஸ் உச்சவரம்புக்குள் இருக்கும்வரை நம் பங்கு சொற்பம். அதைத் தாண்டிய ஒவ்வொரு ரூபாயும் முழுக்க நம்முடையது. அதனால் அட்டையில் இருக்கும் வித்தியாசம் வேறு, பாக்கெட்டில் இருக்கும் வித்தியாசம் வேறு.

அப்பாவிடம் இருப்பது ஆரோக்கிய சஞ்சீவனி, 3 லட்ச ரூபாய் பாலிசி. 2020-ல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே விதிகளோடு விற்க ஆரம்பித்தது. அதில் கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு, காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000, இதில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. 3 லட்சத்தில் 25 சதவீதம் 75,000 வருவதால் எங்களுக்கு 40,000. பாலிசி 1 லட்சத்துக்கு எடுத்திருந்தால் 25,000-தான் கிடைத்திருக்கும். அனுமதிக்கும் தொகையிலும் 5 சதவீதம் நாம் கட்ட வேண்டும். ஆக, அதிகபட்சம் கையில் வருவது 38,000. கண்புரைக்குக் காத்திருப்புக் காலம் 24 மாதம். அப்பாவின் பாலிசி நாலாவது வருடத்தில் இருந்ததால் அந்தப் பிரச்சினை இல்லை.

அட்டையில் இல்லாத செலவும் உண்டு. ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, கண்ணின் நீளத்தை அளந்து லென்ஸ் பவர் கணக்கிடும் ஸ்கேன்: எங்களுக்கு 2,200. அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் போடும் சொட்டு மருந்துகள் 1,900. கடைசியில் கண்ணாடி. இதில் கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது.

பரிசோதனைக்கும் மருந்துக்கும் பாலிசியில் முன்பின் செலவு என்று இடம் உண்டு: அட்மிஷனுக்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள். ஆனால் எங்கள் கம்பெனியில் விசாரித்தபோது, அதுவும் அந்த 40,000-க்குள்தான் என்றார்கள். 28,000 பேக்கேஜ் எடுத்தால் 12,000 இடம் மிச்சம், அந்த 4,100-ஐயும் சேர்த்துக் கேட்கலாம். 42,000 பேக்கேஜிலேயே வரம்பு தீர்ந்துவிடும், பரிசோதனை, மருந்துச் செலவு மொத்தமும் நம் தலையில்.

அப்பாவின் கண்ணைப் பொறுத்தவரை இன்னொரு விஷயம். ஸ்கேனில் வலது கருவிழியில் 1.75 சிலிண்டர் பவர் வந்தது, அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லை. மோனோஃபோகல் வைத்தால் புரை போய் வெளிச்சம் வரும், ஆனால் தூரத்துக்கும் கண்ணாடி வேண்டும், படிக்கவும் வேண்டும். பைஃபோகலுக்கு 4,000 என்று வைத்தேன். டோரிக் என்றால் அந்த சிலிண்டரையும் லென்ஸே சரிசெய்யும், படிப்பதற்கு மட்டும் 1,000 ரூபாய்க் கண்ணாடி போதும். ட்ரைஃபோகலில் கண்ணாடியே வேண்டாம் என்றார்கள் (அந்த அட்டை விலையில் சிலிண்டர் சரிசெய்வது சேருமா என்று கேட்டதற்கு, "அது டாக்டர்கிட்ட கேளுங்க சார்").

எல்லாம் சேர்த்து ஒரு பழைய டைரியில் போட்ட கணக்கு இது:

| லென்ஸ் | பேக்கேஜ் + பரிசோதனை, மருந்து | இன்சூரன்ஸ் தருவது | கண்ணாடி | கையிலிருந்து |
|---|---|---|---|---|
| இந்திய மோனோஃபோகல் | 32,100 | 30,495 | 4,000 | 5,605 |
| வெளிநாட்டு மோனோஃபோகல் | 46,100 | 38,000 | 4,000 | 12,100 |
| டோரிக் | 62,100 | 38,000 | 1,000 | 25,100 |
| ட்ரைஃபோகல் | 89,100 | 38,000 | 0 | 51,100 |

அட்டையில் முதல் இரண்டுக்கும் 14,000 வித்தியாசம், பாக்கெட்டில் ஆறாயிரத்து ஐந்நூறு. டோரிக்கிலிருந்து ட்ரைஃபோகலுக்குப் போகும்போது அட்டையில் 27,000, பாக்கெட்டில் 26,000. வரம்பு தாண்டியபின் சலுகை ஏதும் இல்லை. ட்ரைஃபோகல் வரிசையில் இருக்கும் 38,000-கூட நிச்சயமில்லை. 'கண்ணாடி தவிர்ப்பதற்கான லென்ஸ், சிகிச்சைக்கு அவசியமில்லை' என்று சொல்லி, சாதாரண லென்ஸுக்கு உண்டான தொகையை மட்டும் அனுமதிக்கும் கம்பெனிகள் உண்டு. முன் அனுமதிக் கடிதத்தில் லென்ஸ் பெயரோடு தொகை வந்த பிறகுதான் அதை நம்பலாம். டோரிக்குக்கும் இதே எச்சரிக்கை.

சரி, காசு போகட்டும், எது பொருந்தும்? ட்ரைஃபோகலை நான் முதலிலேயே அடித்துவிட்டேன். அப்பா காய்கறிக் கடை வைத்திருக்கிறார். விடியக்காலை நாலு மணிக்கு டிவிஎஸ் எக்ஸெல்லில் மார்க்கெட்டுக்குப் போவார். அந்த லென்ஸ் வெளிச்சத்தைத் தூரம், இடை, கிட்ட என்று பங்குபோடுவதால் எதிரே வரும் ஹெட்லைட்டைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கலான வெளிச்சத்தில் கூர்மையும் கொஞ்சம் குறையும். சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்களுக்கும், முற்றிய கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கும் பொதுவாக இதைப் பரிந்துரைப்பதில்லை.

வெளிநாட்டு மோனோஃபோகலுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு கூடுதல் எதற்கு என்று டாக்டரிடமே கேட்டேன். பொருளும் ஓர வடிவமும் நன்றாக இருந்தால், பிற்காலத்தில் லென்ஸுக்குப் பின்னால் உள்ள பை மங்குவது குறையும் என்றார். அப்படி மங்கினால் யாக் லேசரில் சில நிமிடத்தில் சரிசெய்யலாம், அதற்குத் தனி பில் வரும். "இந்தியன் லென்ஸ்லயும் அந்த மாதிரி ஓரம் வந்தாச்சு, மாடல் பேரைக் கேட்டு வாங்குங்க" என்று அவரே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மதுரையில் ஆரோலேப் 1992-ல் லென்ஸ் செய்ய ஆரம்பித்ததிலிருந்து இங்கே செய்யும் லென்ஸுக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. 'இந்தியன்' என்ற ஒரு சொல்லுக்காக அட்டையின் முதல் வரியை ஒதுக்க வேண்டியதில்லை. கத்திக்குப் பதில் லேசர் என்று இன்னொரு 30,000-மும் அட்டையில் இருந்தது. சாதாரணப் புரைக்கு அதனால் கடைசிப் பார்வை கூடுதலாகத் தெளிந்ததாக ஆய்வுகளில் பெரிதாகத் தெரியவில்லை, விட்டுவிட்டோம்.

உண்மையான போட்டி இந்திய மோனோஃபோகலுக்கும் டோரிக்குக்கும்தான்: 5,605-ஆ, 25,100-ஆ? டோரிக் சரியான கோணத்தில் உட்கார வேண்டும். 1 டிகிரி திரும்பினால் சிலிண்டர் திருத்தத்தில் சுமார் 3 சதவீதம் போகும், 30 டிகிரி திரும்பினால் பலனே இல்லை. திரும்பிவிட்டால் மறுபடி சரிசெய்ய யார் பணம் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்க வேண்டும். நான் டோரிக் பக்கம்தான் சாய்ந்தேன். அப்பா டைரியைப் பார்த்துவிட்டு, "நாப்பது வருசமா கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான்டா இருக்கேன். இருபதாயிரம் கொடுத்து எதுக்குக் கழட்டணும்?" என்றார். பேச்சு முடிந்தது. கண்ணாடியே போட்டுப் பழகாத சின்ன வயதுக்காரருக்கு நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ஆபரேஷன் காலையில் முடிந்து மதியமே வீட்டுக்கு வந்துவிட்டோம். பேக்கேஜ் பணம் கேஷ்லெஸ்ஸில் போய்விட்டது. 4,100-க்குத் தனியாக விண்ணப்பித்தபோதுதான் சிக்கல்: லென்ஸ் டப்பாவில் இருந்த ஸ்டிக்கர், மாடலும் சீரியல் நம்பரும் உள்ளது, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டவில்லை என்று கேட்டு நிறுத்திவைத்தார்கள். ஆஸ்பத்திரியில் தேடிக் கொடுக்க 11 நாள் ஆனது. இடது கண்ணுக்கு உச்சவரம்பு தனி என்பதால் அடுத்த மாதம் அதற்கும் நாள் குறித்திருக்கிறோம். அன்றைக்கு ஸ்டிக்கரைப் பார்க்காமல் வாசலைத் தாண்ட மாட்டேன்.